அத்தையின் முட்டி மாத்திரையும் கூனி இறாலும்

எங்க லயத்துல திரிபோஷா பக்கெட்டைத் தெரியாத வீடு கிடையாது. சோளம், சோயா, பால்மா மூன்றும் சேர்ந்த சத்துமா அது. பால் ஒத்துக்காத பிள்ளை வீட்டில் இருந்தால், கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிகிட்ட அதைச் சொல்லணும். உள்ளே என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பொருள் என்பதால் அதில் பெரிய குழப்பம் வர்றதில்ல. குழப்பம் வெளிநாட்டில் இருந்து வரும் போத்தல்களில்தான்.

வெலிமடைப் பக்கம் இப்போ வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டில் இருக்காங்க. சொக்லேட்டோட சேர்த்து மாத்திரையும் அனுப்புறாங்க. எங்க அத்தைக்கு அவங்க மக முட்டி வலிக்கு ஒரு போத்தல் அனுப்பியிருந்தா. முப்பது வருசமா மலையில ஏறி இறங்கிக் கொழுந்து பறிச்ச முட்டி அது. ஆனா அத்தைக்கு கூனிச் சம்பல் வாயில பட்டாலே உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும். "பால் இல்ல, சோயா இல்ல, குளுட்டன் இல்லன்னு போட்டிருக்குன்னு மக சொன்னா. ஒன்னும் செய்யாதுதானே தம்பி?" என்று கேட்டாங்க.

மக வாசிச்சது சரிதான். அந்த வரி போத்தலில் இருந்தது. ஆனால் 'இல்லை' என்று சொல்லும் வரி, அதில் பெயர் சொன்ன பொருள்களைப் பற்றி மட்டும்தான் பேசுது. அந்தப் பட்டியலில் இறாலும் இல்ல, நண்டும் இல்ல. அதுக்கு மேலேயே, சின்ன எழுத்தில், 'கன்டெய்ன்ஸ் ஷெல்ஃபிஷ்' என்று இருந்தது, அடைப்புக்குள் இறால், நண்டு.

முட்டி மாத்திரைக்குள் இறால் எங்கிருந்து வந்தது? மருந்தின் பெயர் குளுக்கோசமைன். இறால், நண்டு ஓட்டில் கைட்டின் என்ற பொருள் இருக்கு. அதை அமிலத்தில் வேகவைத்து உடைத்துத்தான் குளுக்கோசமைனைப் பெரும்பாலும் எடுக்கிறாங்க. முன்பக்கத்தில் 'குளுக்கோசமைன்' என்று மட்டும் வாசிப்பவருக்குக் கடல் ஞாபகமே வராது. சோளத்தை நொதிக்க வைத்து எடுக்கும் வகையும் உண்டு. அதில் 'வெஜிடேரியன்' அல்லது 'ஷெல்ஃபிஷ் ஃப்ரீ' என்று போட்டிருப்பாங்க.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இறால் அலர்ஜி பெரும்பாலும் அதன் சதையில் இருக்கும் ட்ரொபோமயோசின் என்ற புரதத்தால் வருது, ஓட்டால் அல்ல. இறால் அலர்ஜி உள்ளவங்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வுகளில் பெரிய பாதிப்பும் காணல. அதனால் ஆபத்து குறைவாக இருக்கலாம். ஆனால் ஓட்டோடு சதை எவ்வளவு ஒட்டி வந்தது, எவ்வளவு சுத்தமாச்சு என்பது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். அதை லயத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு மாத்திரை போட்டுச் சோதிக்கக் கூடாது. நாக்கு வீங்கி மூச்சு இழுத்தால் உடனே அட்ரினலின் ஊசி வேணும். எங்க டிவிஷனில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக முதல்ல ஓட்டோ கிடைக்கணும்.

அத்தை போத்தலோடயே டாக்டர்கிட்ட போனாங்க. இந்த மாத்திரையால் முட்டி வலி குறையுமா என்பதே ஆய்வுக்கு ஆய்வு மாறுது, அதுக்காக இந்த ரிஸ்க் எடுக்க வேணாம் என்று அவர் சொல்லிட்டார்.

அமெரிக்கப் போத்தல் என்றால் 'கன்டெய்ன்ஸ்' வரியை இன்னும் கொஞ்சம் தெரிஞ்சு வாசிக்கணும். அங்கே 2004இல் வந்த சட்டம் சத்து மாத்திரைகளுக்கும் பொருந்தும். பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, கஜு போன்ற கொட்டைகள், கச்சான், கோதுமை, சோயா ஆகியவற்றைச் சொல்லியே ஆகணும். 2023இல் எள்ளும் சேர்ந்தது. கணவாய், மட்டி அந்தப் பட்டியலில் இல்ல. பார்லியும் இல்ல. அதனால் குளுட்டன் ஒத்துக்காதவர் 'கோதுமை இல்லை' என்றதும் நிம்மதியாகிவிடக் கூடாது. 'மால்ட்' என்று இருந்தால் அது பெரும்பாலும் பார்லி. 'மே கன்டெய்ன்' என்ற எச்சரிக்கை கொம்பனியின் விருப்பம். அது இல்லாததால் அதே மெஷினில் வேறு எதுவும் ஓடலன்னு அர்த்தமில்ல.

அடுத்து 'அதர் இன்க்ரீடியன்ட்ஸ்' பகுதி. சத்து அல்லாத மற்றதெல்லாம் அங்கேதான் இருக்கும். லெசித்தின் பெரும்பாலும் சோயாவில் இருந்து வருது. கேசின், வே, லக்டோஸ் எல்லாம் பாலில் இருந்து வருபவை.

இதெல்லாம் போத்தல் கையில் இருந்தால்தான். டவுன் பார்மசியில் விற்றமின் மாத்திரையை எண்ணி, சின்னக் காகித என்வலப்பில் போட்டுத் தருவாங்க. அதில் காலை ஒன்று, இரவு ஒன்று என்பது மட்டும்தான் இருக்கும். இறால், பால், சோயா ஏதாவது ஒத்துக்காதவங்க வீட்டில் இருந்தால், காசு கொடுக்க முன்னாடி, "அண்ணே, அந்தப் பெட்டியை ஒருக்கா காட்டுங்க" என்று கேளுங்க. பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கிட்டு வாங்க.