உலக முடிவும் ஒரு படக்குறிப்பும்

எடுத்தவருக்கே படம் ஏமாற்றமளிக்கும் இடங்கள் சில உள்ளன. ஹோட்டன் சமவெளியின் தென்விளிம்பில் உள்ள 'உலக முடிவு' அவற்றுள் ஒன்று. அங்கு சமவெளி திடீரென அறுபட்டு, நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் கீழே இறங்கிவிடுகின்றது. நேரில் நிற்பவருக்குக் காலடி கூசும். படத்திலோ நீலமும் சாம்பலும் கலந்த சில பட்டைகள் மட்டுமே எஞ்சும். கைபேசியின் அகன்ற வில்லை தூரத்துப் பொருள்களை மேலும் சிறிதாக்கிவிடும். அளவு காட்ட மரமோ மனிதனோ அருகில் இல்லாவிடின் ஆழம் புலப்படுவதில்லை. படம் இழந்த அந்த ஆழத்தை மீட்டுத் தருவதே அங்கு குறிப்பின் வேலை.

பேராதனையில் பயிலும் மாணவி ஒருத்தி ஒரு விடுமுறை நாளில் அங்கு தனியாகச் சென்றாள். விடியுமுன் நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு, வாயிலிலிருந்து நான்கு கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஏழரை மணியளவில் விளிம்பை அடைந்தாள். "பாரேன்" என்று சொல்வதற்கு அருகில் எவருமில்லை. தனியே செல்பவரின் வியப்பு உடனே சொல்லாக வெளிப்பட வழியின்றி உள்ளேயே தங்கும். பின்னர் குறிப்பெழுத அமரும்போது, கைக்கு முதலில் அகப்படும் சொற்களில் போய் விழும். அவளுக்கும் அதுவே நேர்ந்தது. அன்று மாலை, "பச்சைக் கம்பளம் விரித்த சொர்க்கம், வர்ணிக்க வார்த்தைகளில்லை" என்று எழுதிப் படத்தை வீட்டுக்கு அனுப்பினாள்.

வீடு மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் உள்ள லயன். தாய் கொழுந்து பறிப்பவர். அண்ணன் படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, இரவு தொலைபேசியில் அவர் ஒன்றே கேட்டார்: "கம்பளம்னா சுலபமா நடந்து போயிரலாமே புள்ள. அந்தச் சரிவுல நடந்து பாத்தியா?"

அதில் கோபம் இல்லை. ஆயினும் மகளால் அன்றிரவு உறங்க முடியவில்லை. அட்டை கடிக்கும் ஈரச் சரிவில் கூடை சுமந்து தாய் ஏறுவதைச் சிறுவயது முதல் கண்டவள் அவள். அவளே அச்சரிவைக் கம்பளம் என்று எழுதியிருந்தாள். அச்சொல் அவள் கண்டதன்று. எங்கோ பன்முறை படித்தது. தேய்ந்த தொடரின் குற்றம் பழமை மட்டுமன்று. அது கண்ணெதிரே உள்ளதை மறைத்துவிடுகின்றது.

மறுநாள் அவள் ஒரு சோதனை செய்தாள். குறிப்பை எல்லவின் படத்துக்கும் சிவனொளிபாதமலையின் படத்துக்கும் கீழே வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் பொருந்தியது. எந்த மலைக்கும் பொருந்துவது இந்த மலைக்கு உரியதன்று என நீக்கினாள். "வார்த்தைகளில்லை" என்பதும் போயிற்று. குறிப்பெழுத வந்தவர் எழுத மறுப்பதற்கு ஒப்பானது அது.

அடுத்து எண்ணை நம்பிப் பார்த்தாள். காற்றின் தடையை விட்டுக் கணக்கிட்டால், 870 மீற்றரைக் கடந்து விழும் கல்லுக்கு 13 விநாடி பிடிக்கும். "பதின்மூன்று வரை மெதுவாக எண்ணுக" என்ற தொடர் அழகாகவே அமைந்தது. ஆனால் அந்த வீழ்ச்சி முழுவதும் செங்குத்தானதன்று. கல் இடையிலேயே பாறையில் மோதும். வியப்புக்காக உண்மையை நீட்டலாகாது என அதையும் அடித்தாள்.

பின்னர், அந்த இடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று நினைவுகூர்ந்தாள். விளிம்பை எட்டியதும் கால்கள் தாமே பின்வாங்கின. படத்தைப் பெரிதாக்கியபோது, கீழ்மூலையில் அரிசியளவாகத் தெரிந்தது ஒரு நீண்ட தகரக் கூரை. ஒன்பதே முக்காலுக்கு மூடுபனி எழுந்து அனைத்தையும் மூடிற்று. அப்போதும் ஒரு படம் எடுத்திருந்தாள். அது வெறும் வெண்மை என்பதால் முதலில் ஒதுக்கியிருந்தாள்.

இறுதியில் இரு படங்களையும் அடுத்தடுத்து வைத்தாள். முதலாவதன் கீழ்: "காலை 7.30. இரண்டடி பின்வாங்கிய பிறகே படமெடுக்க முடிந்தது. இடப்புறக் கீழ்மூலையில் அரிசியளவாகத் தெரிவது ஒரு லயன் கூரை." இரண்டாவதன் கீழ்: "காலை 9.45. அதே இடம், அதே திசை."

வியப்பு என்ற சொல் இவற்றில் இல்லை. அரிசியளவைக் கண்டவர் ஆழத்தைத் தாமே அளந்துகொள்வார். இரண்டாம் நேரத்தைப் படித்தவர் பனியின் வேகத்தை உணர்வார். பின்வாங்கிய இரண்டடியோ தனித்து நின்றவளின் அச்சத்தைச் சொல்லிவிடுகின்றது.

இம்முறை தாய் படத்தைத் தம் கையில் வாங்கி, மூலையில் அந்தக் கூரையை நெடுநேரம் தேடினாராம். கண்டதும் கேட்டார்: "அங்க எத்தன வீடு இருக்கும்?"