ஜீக்குப் பின்னால் வரும் எழுத்து

பழைய கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றின் பெயர் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். முதலாவது, அதன் பெட்டியிலும் விசிறி மூடியிலும் ஒட்டிய ஸ்டிக்கரில். இரண்டாவது, அதைக் கணினியில் பொருத்தியதும் திரையில். மூன்றாவது, விசிறியையும் அலுமினியக் கட்டையையும் கழற்றினால் உள்ளே தெரியும் சிப்பின் முதுகில். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம். திரையில் வரும் பெயரையும் மாற்றலாம். சிப்பில் பொறித்த எழுத்தை மாற்றுவதுதான் கடினம். சென்ற வருடம் மாமியின் மகளுக்குக் கணினி ஒன்று சேர்த்தபோது இந்த மூன்றாவது பெயரை வாசிக்கக் கற்றுக்கொண்டேன்.

மாமி வீடு கொட்டாஞ்சேனையில், நாங்கள் வெள்ளவத்தையில். மச்சி உயர்தரம் முடித்துவிட்டு கட்டட வரைபடப் பாடநெறி ஒன்றில் சேர்ந்திருந்தாள். முப்பரிமாணத்தில் வீடு வரைந்து காட்ட வேண்டும். அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட கணினி ஏற்கெனவே வாங்கியாயிற்று. அதற்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் மட்டும் தேவைப்பட்டது. மாமி தைத்துச் சேர்த்துப் போட்ட சீட்டு விழுந்து, அதில் 22,000 ரூபாவை இதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

நாங்கள் தேடியது GTX 1050 Ti என்ற கார்ட். 2016 ஒக்டோபரில் வெளிவந்தது. பழையதுதான், ஆனாலும் அதைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. அது சுமார் 75 வொற் மின்சாரத்தில் வேலை செய்யும். அந்த அளவைத் தாய்ப்பலகையின் துவாரமே கொடுத்துவிடும். அலுவலகக் கணினிகளின் பவர் சப்ளையில் கிராஃபிக்ஸ் கார்ட்டுக்கென்று தனி வயர் பெரும்பாலும் இருக்காது. இந்தக் கார்ட்டில் பலவற்றுக்கு அது தேவையும் இல்லை.

விளம்பரத்தில் ஒன்று கிடைத்தது. படத்தில் விசிறியும் பளபளப்பான ஸ்டிக்கரும் மட்டுமே தெரிந்தன. மச்சி அதை எனக்கு அனுப்பினாள். பின்னால் மாமியின் குரலும் வந்தது: "புள்ள, பேர் அதுலயே ஈக்கிதே. வேற என்னத்தப் பாக்க?"

விற்பவரிடம் இன்னும் இரண்டு படங்கள் கேட்கச் சொன்னேன். ஒன்று திரையின் வயரைச் செருகும் பக்கம், மற்றது மேல் விளிம்பு. படங்கள் வந்தன. மேல் விளிம்பில் ஆறு துளையுள்ள மின்செருகி ஒன்று இருந்தது. இதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. சில நிறுவனங்கள் அசல் 1050 Ti கார்ட்டிலும் அதை வைத்திருக்கின்றன. ஆனால் வயர் செருகும் பக்கத்தில், மூன்று வரிசையாகப் பதினைந்து துளைகள் உள்ள பழைய விஜிஏ செருகியும் இருந்தது. அதுதான் என்னை நிறுத்தியது. 1050 Ti கார்ட்டின் சிப் விஜிஏ வகைச் சமிக்ஞையைத் தருவதே இல்லை. அப்படியானால் அந்தச் செருகி அங்கே எதற்கு?

இப்படிப்பட்ட போலிகள் எப்படி உருவாகின்றன என்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கிராஃபிக்ஸ் கார்ட்டிலும் பயோஸ் என்ற சிறிய நிரல் பதிந்திருக்கும். கணினி "நீ யார், உனக்கு எவ்வளவு நினைவகம்?" என்று கேட்டால் பதில் சொல்வது அதுதான். மிகப் பழைய, மலிவான கார்ட் ஒன்றை எடுத்து அந்த நிரலைத் திருத்தி எழுதிவிட்டால், அது "நான் 1050 Ti, நான்கு கிகாபைற்று" என்று பதில் சொல்லும். விண்டோஸ் அதை அப்படியே நம்பித் திரையில் காட்டும். உண்மையில் இருக்கும் நினைவகத்தை விடப் பெரிய வரைபடம் ஒன்றைத் திறக்கும்போதுதான் படம் சிதறும், அல்லது கணினி உறைந்து நிற்கும். அதற்குள் காசு கை மாறியிருக்கும்.

எனவே சிப்பின் படத்தைக் கேட்டோம். விற்பவர் ஒரு பல்கலைக்கழக மாணவர். தேர்மல் பேஸ்ட் மாற்றவிருந்ததால் எப்படியும் கழற்றத்தான் போகிறேன் என்றார். அவர் அனுப்பிய முதல் படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் சிப்பில் பட்டு நடுவில் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. அதைச் சுற்றி மங்கலாகச் சில எழுத்துகள். முதல் எழுத்து G. அடுத்தது F ஆகவும் இருக்கலாம், P ஆகவும் இருக்கலாம்.

அந்த ஓர் எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தச் சிப்களை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு விஞ்ஞானியின் பெயரை வைக்கிறது. G என்ற எழுத்துக்குப் பின்னால் வருவது அந்த விஞ்ஞானியின் முதலெழுத்து. F என்றால் அணுவியல் அறிஞர் பேர்மி. P என்றால், அமுக்கத்தின் அலகில் நாம் பெயர் சொல்லும் பஸ்கால். பேர்மி தலைமுறை 2010இல் தொடங்கியது, பஸ்கால் 2016இல். 1050 Ti கார்ட்டின் சிப்பில் GP107-400-A1 என்று இருக்க வேண்டும். Ti இல்லாத, அதைவிடக் குறைந்த 1050 என்றால் நடுவில் 400க்குப் பதிலாக 300 இருக்கும்.

மறுபடி படம் எடுக்கும் முறையை எழுதி அனுப்பினேன். ஐசோபுரொபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் பழைய பேஸ்டை மெதுவாகத் துடைக்க வேண்டும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வேறொரு கைபேசியின் டோர்ச்சைச் சிப்பின் பக்கவாட்டில் தாழப் பிடிக்க வேண்டும். பொறித்த எழுத்து நேர் வெளிச்சத்தில் மறையும், சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து தெரியும். கமராவை ஒட்டிப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் பெரிதாக்கி, இரண்டு மூன்று கோணங்களில் எடுக்க வேண்டும். படம் அந்தக் கார்ட்டினுடையதுதான் என்று தெரிய, அன்றைய திகதி எழுதிய துண்டுத் தாளையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாம் முறை படம் தெளிவாக வந்தது. அதில் வாசித்தவை இவை:

```
1128A1
GF116-400-A1
```

இரண்டாவது வரியில் இருப்பது F. GF116-400-A1 என்பது 2011 மார்ச்சில் வெளிவந்த GTX 550 Ti என்ற கார்ட்டின் சிப். ஆனாலும் ஓர் எழுத்தைப் படத்தில் பார்த்து ஒருவரின் பொருளைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. 8 ஐ B என்றும், 5 ஐ S என்றும், 6 ஐ G என்றும் கண் வாசித்துவிடும். அதனால் அதே படத்தில் வேறு சாட்சி தேடினேன்.

முதல் வரியே ஒரு சாட்சி. அதில் முதல் இரண்டு இலக்கங்கள் வருடம், அடுத்த இரண்டும் வாரம். 1128 என்றால் 2011ஆம் ஆண்டின் 28ஆவது வாரத்தில் செய்த சிப். 2016இல் பிறந்த கார்ட்டில் 2011இன் சிப் இருக்க வழியில்லை.

மற்றச் சாட்சி, சிப்பைச் சுற்றியிருக்கும் சிறிய கறுப்பு நினைவக சிப்கள். அவற்றை எண்ணினாலே போதும். அவை ஒவ்வொன்றும் 32 பிற் அகலப் பாதையில் பேசும். 1050 Ti கார்ட்டின் பாதை 128 பிற் என்பதால் நான்கு சிப்கள் இருக்க வேண்டும். 550 Ti கார்ட்டின் பாதை 192 பிற், அதற்கு ஆறு. படத்தில் ஆறு இருந்தன. அவற்றில் நான்கில் K4G10325 என்றும் இரண்டில் K4G20325 என்றும் தொடங்கும் எழுத்துகள். இது சாம்சங் நிறுவனத்தின் குறியீடு. K4Gக்குப் பின் வரும் 10 என்றால் 1 கிகாபிற், அதாவது 128 மெகாபைற்று. 20 என்றால் 256 மெகாபைற்று. நான்கு 128உம் இரண்டு 256உம் கூட்டினால் 1,024 மெகாபைற்று. ஸ்டிக்கர் சொன்ன நான்கு கிகாபைற்றில் உண்மையில் இருந்தது ஒன்றே ஒன்று. செருகி, எழுத்து, திகதி, எண்ணிக்கை நான்கும் ஒரே பதிலைச் சொல்லின.

ஒரு கிகாபைற்றாவது இருக்கிறதே, விலையைக் குறைத்து வாங்கலாமே என்று மச்சி கேட்டாள். அதற்கும் இடமில்லை. பேர்மி சிப்களுக்குப் புதிய டிரைவர்கள் எழுதுவதை என்விடியா 2018இல் நிறுத்தியது. அவளுடைய பாடநெறி கேட்கும் புதிய மென்பொருளை அது ஏற்காது. தவிர, அந்தக் கார்ட் 100 வொற்றுக்கு மேல் மின்சாரம் கேட்கும். அவளுடைய பவர் சப்ளையில் அதற்கான வயரே இல்லை.

விற்பவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் ஏமாற்றுபவராக எனக்குத் தோன்றவில்லை. ஏமாற்ற நினைப்பவர் சிப்பைத் துடைத்து இரண்டு முறை படம் எடுத்து அனுப்புவாரா? படத்தில் அந்த இரண்டு வரிகளையும் வட்டமிட்டு, GPU-Z என்ற இலவச மென்பொருளைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கும்படி எழுதினேன். 2018 ஒக்டோபரில் வந்த அதன் 2.12.0 பதிப்பு முதல், இப்படிப் பெயர் மாற்றிய பழைய சிப்களைக் கண்டால் பெயருக்கு முன்னால் [FAKE] என்று காட்டும். மாலையில் அவருடைய திரையின் படம் வந்தது. [FAKE] என்ற சொல் அதில் இருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "நானும் இதை 1050 Ti எண்டுதான் வாங்கினேன் தங்கச்சி. விளம்பரத்தை எடுத்துட்டேன்." அவருடைய காசு போனது போனதுதான். ஆனால் அந்தப் பெயரோடு அது இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை.

மூன்று வாரங்களுக்குப் பிறகு வேறொருவரிடம் ஒன்று கிடைத்தது. விஜிஏ செருகி இல்லை. சிப்பில் GP107-400-A1. செய்த திகதி 2017இன் ஐந்தாவது வாரம். சுற்றிலும் நான்கே நினைவக சிப்கள். அவற்றில் K4G80325 என்று இருந்தது. 80 என்றால் 8 கிகாபிற், அதாவது ஒரு கிகாபைற்று. நான்கும் சேர்ந்தால் நான்கு.

அப்போதும் காசைக் கையோடு கொடுத்துவிடவில்லை. சிப்பின் மேற்பரப்பைத் தேய்த்து வேறு எழுத்துப் பொறிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தேய்த்த இடம் சொரசொரப்பாகத் தெரியும், எழுத்துகளின் ஆழமும் ஒரே சீராக இருக்காது. இன்னொன்றும் உண்டு. எழுத்து ஒரு பொருள் யார் என்று சொல்லும், அது நலமாக இருக்கிறதா என்று சொல்லாது. வாப்பாவோடு அவருடைய வீட்டுக்குப் போய், கார்ட்டைக் கணினியில் பொருத்தி GPU-Z பார்த்தோம். பிறகு பாரமான முப்பரிமாணக் காட்சி ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் ஓரளவில் நிற்கிறதா, படத்தில் புள்ளியோ கோடோ விழுகிறதா என்று கவனித்தோம். ஒன்றும் விழவில்லை. அதன் பிறகே மாமியின் சீட்டுக் காசை வாப்பா எண்ணிக் கொடுத்தார்.