8080 எப்படி 36895 ஆச்சு?

போன செமஸ்டர் நெட்வொர்க்ஸ் லேப்ல ஒரு ஜூனியர் வந்து, "அக்கா, என் கிளையண்ட் நல்லா கனெக்ட் ஆகுது, பிரவுசர்தான் வர மாட்டேங்குது"ன்னு நின்னான். சின்ன வெப் சர்வர், அதோட பேச ஒரு கிளையண்ட், ரெண்டுமே அவன் சி-யில் எழுதினது. பிரவுசரில் 8080 போர்ட்டுக்குப் போனா `ERR_CONNECTION_REFUSED`. `ss -ltn` போட்டுப் பார்த்தோம். சர்வர் 36895-ல உட்கார்ந்திருந்தது!

ரெண்டு புரோகிராமிலும் இந்த வரி இருந்தது:

```
addr.sin_port = 8080;
```

8080-ஐ ஹெக்ஸில் எழுதினா 1F90. அதாவது 1F, 90 என்று ரெண்டு பைட். மெமரியில் பெரிய மதிப்புள்ள 1F முதலில் வந்தா பிக் எண்டியன். சின்ன மதிப்புள்ள 90 முதலில் வந்தா லிட்டில் எண்டியன். அவன் லேப்டாப்பில் இருந்த x86 ப்ராசஸர் லிட்டில் எண்டியன். அதனால் மெமரியில் 90 1F என்று இருந்தது. ஆனா `sin_port`-ல் இருக்கிற எண் நெட்வொர்க் வரிசையில், அதாவது பிக் எண்டியனில் இருக்கும்னு கெர்னல் எடுத்துக்கும். அது 901F-னு படிச்சது. அதுதான் 36895. கிளையண்ட்டும் அதே மாதிரி தலைகீழா போனதால ரெண்டும் சந்திச்சிடுச்சு. தப்பு மறைஞ்சிடுச்சு.

திருத்தம் ஒரே வார்த்தைதான்:

```
addr.sin_port = htons(8080);
```

x86-ல் `htons` ரெண்டு பைட்டையும் இடம் மாத்தும். ஐபிஎம் மெயின்ஃபிரேம் போன்ற பிக் எண்டியன் மெஷினில் அது எதுவுமே செய்யாது. எந்த மெஷினில் ஓடினாலும் கோடு ஒண்ணுதான்.

ரெண்டு பக்கமும் லிட்டில் எண்டியன்னா, இங்கே புரட்டி அங்கே திருப்பிப் புரட்டுறது வீண் வேலைதானேன்னு அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா பாக்கெட்டை அனுப்புற மெஷினுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது எந்த வகைன்னு தெரியாது. நடுவில் ஃபயர்வாலும் போர்ட் எண்ணைப் படிக்கும். ஆளுக்கொரு வரிசைன்னா, ஒவ்வொரு ஹெட்டரிலும் "நான் இந்த வகை"ன்னு அடையாளம் வேணும், படிக்கிற எல்லாருக்கும் ரெண்டு வகையும் தெரிஞ்சிருக்கணும். வரிசை ஒண்ணுதான்னு முடிவு பண்ணிட்டா, ஒவ்வொரு மெஷினுக்கும் தன் வரிசை மட்டும் தெரிஞ்சா போதும். அதுக்குக் கொடுக்கிற விலை, பைட் இடம் மாத்துற சின்ன வேலை.

கலிவரின் பயணங்கள் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பதுன்னு சண்டை போடுவாங்களே, அங்கிருந்துதான் டேனி கோஹன் 1980-ல் இந்தப் பெயர்களை எடுத்தார். எந்த முனை என்பதைவிட எல்லாரும் ஒரே முனைக்கு ஒத்துக்கிறதுதான் முக்கியம் என்பது அவர் வாதம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. இந்தப் புரட்டல் ஒரு பைட்டுக்கு மேல் போகும் எண்களுக்குத்தான். "hello" மாதிரி எழுத்துகள் ஒவ்வொண்ணும் தனித்தனி பைட், அதை அப்படியே அனுப்பலாம். அப்புறம், உங்க சர்வரை நீங்களே எழுதின கிளையண்ட்டை வெச்சு மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க. `curl` வெச்சும் ஒரு தடவை தட்டிப் பாருங்க.