சல்லடையில் தங்கும் கப்பி

கேழ்வரகு மலத்தை இளக்குமா, கட்டுமா என்று நான்கு வீடுகளில் கேட்டால், இரண்டு வீட்டார் இளக்கும் என்றும் இரண்டு வீட்டார் கட்டும் என்றும் ஒரே உறுதியோடு சாதிப்பார்கள். இரு கட்சியாரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்லுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். தானியம் ஒன்றேயாயினும், அது திரிகையையும் சல்லடையையும் அடுப்பையும் கடந்து உண்கலத்துக்கு வந்து சேருகையில் எதை இழந்து வந்தது, எவ்வளவு ஜலத்தைத் துணைக்கு அழைத்து வந்தது என்பதைப் பொறுத்தே வயிற்றினுள் அதன் நடத்தை அமைகிறது.

நாம் உண்ணும் சோற்றில் பெரும்பகுதி மாவுச்சத்து. சிறுகுடலிலேயே அது கரைந்து இரத்தத்தில் கலந்துவிடுவதால், பெருங்குடலுக்குப் போய்ச் சேர அதில் மிச்சமாவது சொற்பமே. பெருங்குடலின் தொழிலோ வந்து சேர்ந்த சக்கையிலிருந்து ஜலத்தை உறிஞ்சிக்கொள்வது. சக்கை குறைவாயிருந்து மெதுவாக நகருமானால், உறிஞ்சுவதற்கு அவகாசம் மிகுந்து, மலம் உருண்டை உருண்டையாக வறண்டுபோகிறது. உமி நீங்கிய தானியத்தின் மேல்தோலிலும், பயற்றின் தோலிலும், கீரையின் தண்டிலும் உள்ள நார்ச்சத்து அப்படிக் கரைவதில்லை. ஒரு பகுதி ஜலத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுகிறது. மற்றொரு பகுதி குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகி அவற்றைப் பெருக்குகிறது. அப்படிப் பெருகிய உயிர்களே மலத்தின் பருமனில் கணிசமான பங்காகின்றன. கொரகொரப்பான தவிட்டுத் துணுக்குகளோ குடற்சுவரை இலேசாக உரசி, அதைக் கொண்டே நீரைச் சுரக்கச் செய்கின்றன. தவிட்டை மிக நைசாகப் பொடித்துவிட்டால் இந்தக் கடைசிக் குணம் குன்றிவிடுகிறது என்பது சமையலறைக்கு முக்கியமான செய்தி.

இதை நான் நேரில் கண்டது என் அத்தையின் விஷயத்தில். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர். நெற்சோறும் ரசமும் மோருமாக வளர்ந்தவர். எழுபது வயதுக்கு மேல் மலபந்தத்தால் உபத்திரவப்பட்டு, யாரோ சொன்னார்கள் என்று கேழ்வரகுக்கு மாறினார். மாறியபின் நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. “ராகி கட்டும்னு அப்பவே நெனச்சேன்டா, நாலு பேர் சொல்றாங்களேன்னு பண்ணினேன்” என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

அவர் மாவை எப்படிப் பக்குவம் செய்தார் என்று உடனிருந்து பார்த்தபோது காரணம் விளங்கிற்று. கடையில் வாங்கிய வெளிறிய மாவு. விரலிடையே தேய்த்தால் முகப்பூச்சுப் பொடி போல வழுக்கும். அதையும் அவர் நம்பாமல், மருந்துச் சரக்கை வஸ்திரகாயம் செய்வதுபோல, வெள்ளைத் துணியில் மீண்டும் ஒருமுறை சலித்து, துணியில் நின்ற செம்பழுப்புத் துகளைக் குப்பையில் கொட்டிவிட்டார். மிஞ்சிய மாவில் கனமான அடை தட்டி, எண்ணெய் விட்ட மிளகாய்ப் பொடியோடு இரவில் உண்டார். இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்ற பயத்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீரைத் தொடுவதில்லை. நாரை நீக்கி, நீரையும் நிறுத்திவிட்டு, மாவுச்சத்தை மட்டும் புதுப் பெயரில் உண்டால் குடலுக்கு அதில் என்ன விசேஷம் தெரியப்போகிறது?

கேழ்வரகுக்கு இயற்கையிலேயே ஒரு சாதகம் உண்டு. அதன் மணி கடுகளவே. அதன் தோல் உள்ளே இருக்கும் மாவோடு இறுக ஒட்டிக்கொண்டிருப்பதால், நெல்லரிசியைத் தீட்டுவதுபோல் அதை எளிதில் தீட்ட முடியாது. ஆகவே முழுத் தானியமாகவே அரைபடுகிறது. அதன் நாரைப் பறிப்பது சல்லடை ஒன்றுதான். தானியமாக வாங்கி, கல் பார்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் அரைக்கக் கொடுக்கையில், “ரொம்ப நைசா வேண்டாம்” என்று சொல்லிவிடுவது நலம். வீட்டில் சலிக்கத்தான் வேண்டுமென்றால், சல்லடையில் தங்கும் கப்பியை எறியாமல் கூழில் சேர்த்துவிடலாம். நல்ல மாவு செம்பழுப்பாக, கரும்புள்ளிகளோடு, கைக்குச் சற்றே நெறுநெறுவென்று இருக்கும்.

சாமை, வரகு, தினை முதலியவற்றின் கதை வேறு. இவற்றுக்கு மேலே உமி உண்டு. அதை நீக்கித்தான் ஆகவேண்டும். உமியோடு நிறுத்தாமல் தவிட்டையும் தீட்டி எடுத்துவிட்டு, வெண்முத்தாகப் பளபளக்கும் அரிசியைச் சிறுதானியம் என்று விற்கிறார்கள். தீட்டாத சாமை மங்கலாக, சற்றே சாம்பலோ பழுப்போ கலந்த நிறத்தில் இருக்கும். வேகவும் அதிக நேரம் பிடிக்கும். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் காறல் வாசனை வந்துவிடும், வண்டும் பிடிக்கும். ஆகையால் ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே உசிதம். மாதக்கணக்கில் வாசனை மாறாமல் வெண்மையாகவே இருக்கும் சாமையின்மேல் எனக்குச் சந்தேகம் எழுகிறது.

அத்தைக்கு வழி காட்டியவர் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த அம்மாள். அடையைப் பார்த்ததுமே அவர், “எங்கூர்ல இதத் தண்ணியில்லாம யாரும்மா தின்பாங்க? களின்னா கொழம்புல முழுகணும், இல்லேன்னா கூழாக் கரைச்சுக் குடிக்கணும்” என்றார். தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகை உண்டவர்கள் அதை ஜலத்தோடு சேர்த்தே உண்டிருக்கிறார்கள். களியைக்கூட அவர்கள் மெல்லுவதில்லை; கீரைக் குழம்பிலோ கொள்ளுக் குழம்பிலோ தோய்த்து விழுங்குகிறார்கள்.

கூழ் காய்ச்சும் முறையை அந்த அம்மாள் சொன்னபடியே சொல்லுகிறேன். ஒரு கிண்ணம் மாவைக் காலையில் இரண்டு கிண்ணம் நீரில் கட்டியின்றிக் கரைத்து மூடிவைத்தால் மாலைக்குள் இலேசாகப் புளித்திருக்கும். மாலையில் கால் கிண்ணம் அரிசி நொய்யையோ சாமை நொய்யையோ மூன்று கிண்ணம் நீரில் குழைய வேகவைத்து, புளித்த கரைசலை அதில் ஊற்றி, தீயைத் தணித்து, துடுப்பால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் கருத்து, மேலே பளபளப்பு ஏறியபின், நனைத்த விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டாவிட்டால் வெந்துவிட்டதென்று இறக்கலாம். பச்சை வாடை நீங்காத கூழ் வயிற்றை உப்பச் செய்யும். இரவு முழுதும் ஆறவிட்டு, மறுநாள் காலை வேண்டிய உருண்டையை எடுத்து, நீர்மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடிப்பது. இவ்விதம் ஒரு பெரிய செம்பு குடித்தால், நாரோடு ஏறக்குறைய அரை லிட்டர் நீரும், தண்ணீர் குடிக்க மறுப்பவர் வயிற்றுக்குள்ளும், தகராறின்றிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மத்தியானத்துக்குக் கீரை. அரைக்கீரையோ முளைக்கீரையோ ஒரு கட்டு வாங்கி, இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு தண்டைக் கூடையோடு எறிவது பல வீடுகளில் வழக்கம். நகத்தால் கிள்ளினால் நறுக்கென்று ஒடியும் இளந்தண்டு முழுதும் உண்ணத்தக்கது. நகம் இறங்காமல் நாராக இழுபடுவதை மட்டும் தள்ளலாம். மத்தால் கடைவதால் நார் அழியாது. ஆனால் பற்களில்லாதவர்களுக்கென்று அரைத்து வடிகட்டிச் சாறு மட்டும் கொடுத்தால், கொடுக்க வேண்டியது வடிகட்டியிலேயே நின்றுவிடுகிறது. கீரையோடு பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கூட்டாகச் செய்தால் வயோதிகருக்கு எளிதில் இறங்கும். தோல் நீக்கிய பருப்பிலும் நார் இருக்கவே செய்கிறது; ஆயினும் முழுப் பாசிப்பயற்றில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, நசுக்கினால் மசியும்படி வேகவைத்த சுண்டலாக அதை மாலையில் தரலாம்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, நூறு கிராம் தீட்டிய அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவாக நார் இருக்க, கேழ்வரகில் பதினொரு கிராம் இருக்கிறது. அத்தையின் ஒரு நாள் ஆகாரத்தை இதைக்கொண்டு கணக்கிட்டேன். காலைக் கூழுக்கான 75 கிராம் மாவில் 8 கிராம்; மத்தியானச் சோற்றிலும் பருப்பிலும் சேர்ந்து 5 அல்லது 6; ஆய்ந்த கீரை 150 கிராமில் 6; ஒரு கைப்பிடிச் சுண்டலில் 5; இரவில் தீட்டாத சாமை உப்புமாவில் இன்னொரு 5. மொத்தம் 30 கிராமை ஒட்டி வருகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு விதிக்கப்பட்ட அளவும் அதுவே. மூன்று வேளையும் அரிசிப் பலகாரமும் சோறும் உண்ட நாட்களில் இதில் பாதியைக்கூட அவர் தொட்டிருக்க மாட்டார்.

இந்த முப்பதையும் ஒரே நாளில் ஏற்றுவது தவறு. பழக்கமில்லாத குடலில் நுண்ணுயிர்கள் திடீரென்று கிடைத்த தீனியால் வாயுவைக் கிளப்பும், வயிறு உப்பும், “இது ஒத்துக்கொள்ளவில்லை” என்ற தீர்ப்போடு சோதனை முடிந்துவிடும். அத்தைக்கு முதல் வாரம் கூழ் மட்டும், அதுவும் பாதி அளவு. அடுத்த வாரம் கீரைக்கூட்டு தினசரி. அதன் பிறகே சுண்டல். தண்ணீரைப் பகலிலேயே குடித்து முடித்துவிடுவதென்று ஏற்பாடு. பலன் எப்படித் தெரியும் என்றால், மலம் உருண்டைகளாக விழாமல், வாழைப்பழம்போல் ஒன்றாக, முக்கலின்றிக் கழிய வேண்டும். சேர்க்கச் சேர்க்க மேலும் இறுகினால் நீர் போதவில்லை என்று பொருள். நாரைக் கூட்டுவதை நிறுத்தி நீரைக் கூட்ட வேண்டும். கூழ் குடித்த கால்மணி, அரைமணி நேரத்தில் பெருங்குடல் தானாகவே அசைந்துகொடுக்கும்; அந்த வேளையில் அவசரமின்றிப் போய் உட்காரும் பழக்கத்தையும் அத்தை கைக்கொண்டார். மாதம் ஒன்று திரும்புவதற்குள் மலமிளக்கிச் சூரணத்தின் டப்பாவைத் தேடுவதை அவர் விட்டுவிட்டார்.

எல்லா மலபந்தமும் ஆகாரத்தால் தீர்வதில்லை. இரும்புச்சத்து மாத்திரை, சிலவகை வலி மாத்திரை இவற்றாலும், தைராய்டு குறைவாலும் வருவது உண்டு. அதற்கு மூலகாரணத்தைக் கவனிக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவருக்கு மலம் கல்லாக அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே நாரைத் திணிப்பது அடைப்பை அதிகப்படுத்தும். முதலில் வைத்தியர் அதை வெளியேற்றியாக வேண்டும். சிறுநீரக நோயாளிகள் கீரையின் அளவையும் பயற்றின் அளவையும் கேட்டறிந்தே உண்ண வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்பவர், கீரையை ஒரு நாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் உண்ணாமல், ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். மலத்தில் இரத்தம் காண்பது, காரணமின்றி உடல் இளைப்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பழக்கம் மாறுவது, வாந்தியோடு வயிறு உப்பி வாயுவும் பிரியாமல் நிற்பது, இவற்றில் எது கண்டாலும் கூழ்ச் சட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.