புள்ளி இல்லாத பாடம்

எங்க சேரி இரவுப்பள்ளிக்கு முதல் புத்தகம் எழுதியபோது 'அம்மா'வை ஒதுக்கிவைத்தேன். புள்ளி என்ன செய்யுமென்று தெரியாத பிள்ளை அதை 'அமமா' என்றுதான் வாசிக்கும். பட, நட, வர என்று தொடங்கி, பசு, ஆடு, மாடு, கூலி, விறகு என்று போனேன். பறையும் கூரையும் பிறகுதான். அவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, உச்சரிப்பு பின்னால் வருகிறது.

அதற்குமேல் சொல்லுக்குப் பஞ்சம். ஊர், பால், மீன், தேள் எல்லாமே புள்ளியில் முடிகின்றன. எங்க ஆத்தா அப்படியா சொல்லும்? ஊரு, பாலு, மீனு, தேளு. கடைசியில் ஒரு உகரம், புள்ளி போச்சு. நெடில் சொல்லுக்கு இது சரிவரும். கல், நெல் என்றால் கல்லு, நெல்லு என்று நடுவில் புள்ளி நிற்கும். மரம் மாறவே மாறாது.

கையெழுத்துப்படியைப் பார்த்த வாத்தியார் ஒருவர் பாலு, மீனு எல்லாவற்றையும் 'கொச்சை' என்று சிவப்பு மையால் சுழித்தார். நான் எடுக்கவில்லை. புள்ளி சொல்லித்தந்த அன்று 'ஊரு' பக்கத்தில் 'ஊர்' எழுதினேன். குரல் எங்கே நிற்கிறதென்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.