ஹாலில் ஒரு பிளேஸ்டேஷன்

பையனுக்கு பிளேஸ்டேஷன் 5 வந்ததும், டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள்ள வைக்கலாம்னாங்க. வேண்டாம்னேன். அதோட பின்பக்கம்தான் சூடு வெளியேறும்; சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கணும். ஃபேன் இரைச்சல் கூடினா காத்து போதலைன்னு வச்சுக்கலாம்.

கூடவே வந்த எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி, சுவரோரமா ஓட்டினோம். நடக்கிற வழியில கிடந்தா யார் காலாவது தட்டி பெட்டியே கீழே வந்துடும்.

எங்கம்மா எட்டு மணிக்கே ஹால்ல படுத்துடுவாங்க. அதுக்கு வழி கன்ட்ரோலர்லயே இருக்கு. அதோட கீழ்ப்பக்கத் துளையில, பழைய வட்ட முனை உள்ள இயர்போனைச் சொருகினா டிவி சத்தம் நின்னு, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்.

ஆனா காதை அடைச்சதும் தன் குரல் தனக்கே தெரியறதில்லை. “அடி, அடி”ன்னு கத்துறான். அம்மா எழுந்து உட்கார்ந்துடறாங்க. அதனால ஒரு காது மட்டும் மாட்டச் சொல்லியிருக்கேன்.