ஏழு விழுதல், எட்டு எழுதல்

ஏழு முறை விழு, எட்டு முறை எழு என்பது ஜப்பானியர்களின் பழமொழி. அவர்கள் மொழியில் "நன கொரொபி யா ஒகி". நான்கே சொற்கள். முதலில் கேட்டபோது ஓய்வு பெற்ற தபால்காரனான எனக்கு அர்த்தத்தை விடக் கணக்குதான் உறுத்தியது. ஏழு முறை விழுந்தவன் ஏழு முறைதானே எழ முடியும்? எட்டாவது எங்கிருந்து வந்தது?

யோகோஹாமாவில் இருக்கும் மகனிடம் கேட்டேன். அவன் தன் அலுவலகத்தில் விசாரித்துச் சொன்னான். பிறக்கும்போது குழந்தை படுத்துத்தானே கிடக்கிறது? அது முதலில் எழுந்து நிற்பதையும் சேர்த்து எட்டு என்று சிலர் சொல்கிறார்களாம். ஏழும் எட்டும் வெறுமனே 'பல தடவை' என்பதைக் குறிக்கும், கணக்குப் பார்க்கக் கூடாது என்று வேறு சிலர் சொல்கிறார்களாம். வலியில் புரண்டு துடிப்பதைச் சொல்லும் ஜப்பானியத் தொடர் ஒன்றிலும் இதே ஏழும் எட்டும் வருவதால், இரண்டாவது விளக்கம்தான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

ஆனாலும் எனக்குப் பிடித்த விளக்கம் வேறு. 'ஒகி' என்ற சொல்லுக்கு விழுந்த இடத்திலிருந்து எழுவது என்றும் பொருள், காலையில் படுக்கையை விட்டு எழுவது என்றும் பொருள். நம் 'எழுந்திரு'வும் அப்படித்தானே! காலையில் பாயை விட்டு எழுந்தது ஒன்று, பகலில் விழுந்து எழுந்தது ஏழு. ஆக எட்டு. கணக்கு நேராகிவிட்டது. எழுபது தாண்டியவர்களுக்கு அந்த முதல் எழுதலே ஒரு சாதனைதான் என்பது தெரியும்.

போன வருடம் மகன் ஒரு தருமா பொம்மை வாங்கி வந்தான். சிவப்பு நிறம், காகிதக்கூழில் செய்தது, கையும் இல்லை காலும் இல்லை. தகாசாகி என்ற ஊர் இதற்குப் பேர் போனது. கண் இரண்டும் வெள்ளையாக இருக்கும். ஏதாவது நினைத்துக்கொண்டு ஒரு கண்ணில் மை இட வேண்டும், நினைத்தது நடந்தால் மறு கண்ணுக்கும் இட வேண்டும். தருமா என்பது நம் போதிதர்மர்தான். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று சீன மரபு சொல்கிறது; காஞ்சிபுரத்துக்காரர் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. ஒன்பது வருடம் சுவரைப் பார்த்தபடி தியானத்தில் உட்கார்ந்ததில் கைகால் சூம்பிப்போயின என்பது கதை. அதனால்தான் பொம்மைக்குக் கைகால் கிடையாது. தள்ளிவிட்டால் சாய்ந்து, உடனே நிமிர்ந்துகொள்ளும். ஏழு விழுதல், எட்டு எழுதலுக்கு இதுதான் அவர்களுக்குச் சின்னம்.

நான் அதை எங்கள் வீட்டுத் தஞ்சாவூர் பொம்மை ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் தள்ளிப் பார்த்தேன். இரண்டுக்கும் சூட்சுமம் ஒன்றே. அடி உருண்டை, பாரம் எல்லாம் அடியில், மேலே லேசு. சாய்க்கும்போது அடிப்பாரம் கொஞ்சம் மேலே ஏறுகிறது. விட்டதும் அது கீழே இறங்கப் பார்க்கிறது, பொம்மை தானாக நிமிர்கிறது. இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். பொம்மைக்கு எழுவதில் எந்தப் பாடும் இல்லை. மனிதனுக்கோ பாரமெல்லாம் மேலே, தாங்குவது இரண்டு குச்சிக் கால்.

சரி, நம் பக்கம் என்ன இருக்கிறது? அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். இரண்டிலும் விழுகிறவர் யாரும் இல்லை. கல் இருக்கிறது, ஓயாமல் அதன்மேல் நடக்கும் வேலை இருக்கிறது. ஜப்பானியர்களிடமும் இந்த ரகம் உண்டு: மழைத்துளி கல்லைத் துளைக்கும் என்பார்கள். கல்லின் மேலும் மூன்று வருடம் என்று இன்னொன்று. குளிர்ந்த கல்லும் மூன்று வருடம் உட்கார்ந்தால் சூடேறிவிடும் என்று அர்த்தம்.

விழுவது என்று வந்தால் நம் ஆட்கள் கேலிக்குப் போய்விடுகிறார்கள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்ததாம். ஆறுதலாகச் சொன்னால் யானைக்கும் அடி சறுக்கும். இதற்கு ஜப்பானில் அப்படியே ஜோடி இருக்கிறது: குரங்கும் மரத்திலிருந்து விழும். ஆனால் அந்த யானை அப்புறம் எப்படி எழுந்தது என்று நம் பழமொழி சொல்வதில்லை. இன்னொரு நுணுக்கம். குரங்கு விழுவதற்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள், அது உயரத்திலிருந்து விழுவது. 'கொரொபி' என்பது நடக்கும்போது தடுக்கி உருள்வது. ஆக அந்தப் பழமொழி பேசுவது கோபுரத்திலிருந்து விழுவதை அல்ல, தினப்படி இடறலை.

அப்படி ஒரு இடறல் எனக்கும் நடந்தது. இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மழையில், கொல்லையில் விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை! மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். முக்கால் மணி நேரம் ஈரத்தில் கிடந்தேன். விழுந்ததை விட அந்த முக்கால் மணி நேரம்தான் என்னை உலுக்கியது. அதன்பின் வாசல் தாண்டவே பயம்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த தம்பி முதல் நாளே பாயை விரித்து, "ஐயா, படுங்க. இன்னைக்கு எழுந்திருக்கக் கத்துக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் காட்டியது நான் நினைத்தது போல இல்லை. விழுந்தவுடன் எழவே கூடாது. ஒரு நிமிடம் அப்படியே கிடந்து, எங்கே வலிக்கிறது, தலை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பில் கடும் வலி, காலை அசைக்க முடியவில்லை என்றால் முயற்சியே வேண்டாம், ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். இல்லையென்றால் ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, நாலு காலில் வர வேண்டும். அப்படியே தவழ்ந்து சுவரோரம் இருக்கும் கனமான நாற்காலிக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, வழுக்கிவிடும். இரண்டு கையையும் அதன் இருக்கையில் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கையாலும் காலாலும் தள்ளி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் நடக்கக் கூடாது, இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நிக்கறது கடைசிதாங்க ஐயா. தவழறதுதான் பாதி வேலை" என்றார் அவர். பத்து நாள் பழகியதும் கொல்லைக்குப் போகும் பயம் போயிற்று.

அப்போதுதான் திருக்குறளில் இடுக்கண் அழியாமை அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு வண்டிமாடு வருகிறது. வழி அடைபட்ட இடத்திலெல்லாம் விடாமல் இழுக்கும் மாட்டைப் போன்றவனிடம் வந்தால், துன்பம்தான் துன்பப்படும் என்பது கருத்து. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான், ஆனால் பரிமேலழகர் உரையை அன்று படித்ததில்லை. பாரம் ஏற்றிய அந்த மாடு எப்படிப் போகிறது என்று அவர் விவரிக்கிறார். பக்கவாட்டில் அழுந்தியும், மூக்கைத் தரையில் ஊன்றியும், கால் தவழ்ந்தும் போகிறதாம். சேற்றில் சிக்கிய நெல்வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது அப்படியே கண்ணில் தெரியும். மாடு முழங்கால் மடிந்து கிடக்கும், ஆனால் நுகத்தடி அசையும்.

ஜப்பானியப் பழமொழியில் விழுவதற்கும் எழுவதற்கும் நடுவே ஒன்றும் இல்லை. அந்த இடைப்பட்ட நேரம்தான் இந்த உரையில் இருக்கிறது. பேச்சு வழக்கிலும் இப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேடைப் பேச்சு வாசகம் வேண்டாம்; உங்கள் ஊரில் பாட்டிமார் சொல்லிக் கேட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.